“அக்கா வீட்டில் அப்படியில்லையே”: துணையை மற்றவரோடு ஒப்பிடும் பேச்சு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் என் அறைக்கு வரும் தம்பதிகள் பெரும்பாலும் “பணத் தகராறு” என்றோ “வீட்டில் பேச்சே இல்லை” என்றோதான் தொடங்குவார்கள். அரை மணி நேரம் போவதற்குள் அழைக்காத ஓர் ஆள் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்வார். அக்காவின் கணவர், பழைய காதலி, எதிர் பிளாக்கில் குடியிருக்கும் பெண்மணி என்று யாராவது ஒருவர். அவரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதுகிறேன். இடையில் வரும் தம்பதியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

“விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ?”

அவர் சொன்ன வாக்கியத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதிலிருந்து மூன்றாவது ஆளை மட்டும் அடித்துவிடுங்கள். மிச்சம் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

“பக்கத்து வீட்டு அம்மா ஏழு மணிக்குள் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்துவிடுகிறார்” என்ற பேச்சில் பக்கத்து வீட்டு அம்மாவை அடித்தால், “எனக்கும் காலையில் சாப்பாடு வேண்டும்” என்பது மிஞ்சும். இது ஒரு கேள்வி. முடியும், முடியாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடியும் என்று பதில் சொல்லலாம். நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லலாம். கேட்ட விதம் அசிங்கம்தான், ஆனால் உள்ளே ஒரு தேவை இருக்கிறது.

“உன் தங்கை எவ்வளவு லட்சணமாக இருக்கிறாள்” என்பதில் தங்கையை அடித்துப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சாது. கேட்டவர் எதைச் செய்தாலும் தீராத பேச்சு அது. அதன் பெயர் இளக்காரம்.

விளையாட்டு என்ற சமாதானத்துக்கும் ஒரு சோதனை உண்டு. “இது எனக்கு வலிக்கிறது, வேண்டாம்” என்று ஒருமுறை சிரிக்காமல் சொல்லுங்கள். விளையாட்டாக இருந்தால் அன்றோடு நின்றுவிடும். நிற்காமல், “உனக்கு நகைச்சுவையே புரியாது” என்று உங்கள் மேல் திரும்பினால் அது முதலிலிருந்தே விளையாட்டு இல்லை.

“ஒப்பிடாத மனிதர் உண்டா? மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால் என்ன குற்றம்?”

ஒப்பிடாத மனிதர் இல்லை, சரிதான். நம்மை நாமே எடைபோட வேறு படிக்கல் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவரைப் படிக்கல்லாக எடுத்துக்கொள்கிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இலேயே விளக்கிவிட்டார். உறவுகளைப் பற்றி 1959-இல் எழுதிய திபோ, கெல்லி என்ற இருவர் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறோம் என்றார்கள். “எனக்கு வாழ்க்கையில் இவ்வளவு கிடைக்க வேண்டும்” என்பது ஒன்று. “இங்கே இல்லாமல் வேறிடத்தில் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்” என்பது மற்றொன்று. முதலாவது கூடினால் ஏமாற்றம் வரும். இரண்டாவது கூடினால் கால் வாசற்படியைத் தேடும்.

துணையை ஒப்பிட்டுப் பேசும் ஒவ்வொரு முறையும் கேட்பவர் காதில் விழுவது இந்த இரண்டாவது அளவுகோல்தான். நீங்கள் சமையலைப் பற்றியே பேசியிருக்கலாம். அவர் கேட்டது, “என் இடத்துக்கு இன்னோர் ஆளை வைத்துப் பார்க்கிறார்” என்பது. வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வு கல்யாணத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தவருக்கு, அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று தெரியவருகிறது.

சொல்பவருக்கும் சேதம் உண்டு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கேரில் ரஸ்பல்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றிய ஜான்சனும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவையானது. துணையோடு உறுதியாகப் பிணைந்திருப்பவர்கள் கவர்ச்சியான மாற்று ஆளைப் பார்க்கும்போது தம்மை அறியாமலே அவரைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். “நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் கர்வம் பிடித்தவர் போலத் தெரிகிறது” என்று மனம் தானே ஒரு வேலி போட்டுக்கொள்கிறது. நியாயமான மதிப்பீடா என்றால் இல்லை. ஆனால் குடும்பத்தைக் காப்பது அந்தச் சின்ன அநியாயம்தான். வாய் ஓயாமல் ஒப்பிடுகிறவர் அந்த வேலியைத் தன் கையாலேயே பிடுங்குகிறார். அடுத்த வீட்டாரின் நல்லதைப் பொறுக்கியெடுத்துச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தன் பேச்சைத் தானே நம்பத் தொடங்குகிறார்.

“கணவர் பழைய காதலியை இழுத்துப் பேசுகிறார். இன்னும் அவளை மறக்கவில்லை என்றுதானே அர்த்தம்?”

இருக்கலாம். ஆனால் முதலில் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். பழைய துணையின் மேல் ஏக்கம் இருப்பதால் இன்றைய உறவு கெடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். காலப்போக்கில் ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் எதிர்த்திசையும் தெரிந்தது. இன்றைய உறவில் நிறைவு குறைந்தபோது பழைய ஆளின் மேல் ஏக்கம் கூடியது. என் அறையிலும் இதைப் பார்க்கிறேன். எட்டு வருடம் பெயரே வராத ஒரு பெண், வேலை போன மாதத்தில் திடீரென்று பேச்சில் வருவாள். அவளாக வரவில்லை. வேலை போனதைப் பற்றிப் பேச முடியாதவர் அவளைப் பற்றிப் பேசுகிறார்.

பழைய காதலியோடு நடக்கும் போட்டியில் யாரும் ஜெயிக்க முடியாது; அது உங்கள் குறையால் அல்ல. அவர்கள் பழகிய காலத்தில் வீட்டுக் கடன் தவணை இல்லை, அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி இல்லை, இரவு மூன்று மணிக்கு அழும் குழந்தை இல்லை. கெர்னி டிரைவில் காற்று வாங்கியவளையும் கழிப்பறை அடைப்பை எடுத்தவளையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கிறார். மறுமணம் செய்தவர்கள் இன்னும் கடினமான ஒன்றைச் சந்திக்கிறார்கள். காலமான முதல் மனைவி ஒருநாளும் சோற்றைக் கருகவிட்டதில்லை. இறந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்ற நம் பண்பாடு, உயிரோடு இருக்கும் இரண்டாமவரின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கேட்க வேண்டிய கேள்வி, “இன்னும் அவளை நினைக்கிறீர்களா?” என்பதல்ல. அதற்கு உண்மையான பதில் வராது; வந்தாலும் பயனில்லை. “அவளோடு இருந்தபோது உங்களுக்குக் கிடைத்தது என்ன? இப்போது கிடைக்காதது என்ன?” என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் அவளைப் பற்றியதாக இருக்காது. “அப்போது நான் கெட்டிக்காரன் என்று ஒருத்தி நினைத்தாள்” என்று ஒருவர் சொன்னார். தேவை அதுதான். ஒரு எச்சரிக்கை: இருவரும் இப்போதும் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள், அது உங்களிடமிருந்து மறைக்கப்படுகிறது என்றால் விஷயம் ஒப்பிடும் பேச்சைத் தாண்டிவிட்டது. அதைத் தனியாக, நேராகப் பேசித்தான் ஆக வேண்டும்.

“ஒப்பிடுவது நான்தான். தவறு என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை. எப்படி நிறுத்துவது?”

பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு தம்பதியின் கதையைச் சொல்கிறேன். கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பப் பணியாளர். 12 மணி நேர ஷிப்ட், நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய் வருகிறார். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை.

மனைவியின் வாக்கியம் இது: “அத்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.” வேறு வேறு வடிவங்களில் இரண்டு வருடமாக இதைச் சொல்லிவந்திருக்கிறார். முதலில் கணவர், “எனக்கு வேலை இருக்கிறது” என்று பதில் சொல்வார். பிறகு, “உன் அத்தானுக்கு என்ன, சொந்தக் கடை” என்று திருப்பி அடித்தார். அதற்குப் பிறகு பதில் சொல்வதையே விட்டுவிட்டார். சண்டை குறைந்துவிட்டது என்று மனைவி நினைத்தார். உண்மையில் அவர் வேலை முடிந்து வந்து, பிளாட்டின் கீழே மோட்டாரை நிறுத்தி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அதன் மேலேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். இதை ஏழு மாதமாகச் செய்திருக்கிறார். எங்கள் மூன்றாவது சந்திப்பில்தான் மனைவிக்கே தெரியவந்தது. கூடவே இன்னொன்றும் வெளிவந்தது. ஓவர்டைம் பணத்தில் மாதம் 200 வெள்ளியை அவர் வீட்டில் சொல்லாமல் ஒரு கூட்டுச் சீட்டில் போட்டுவந்தார். “சொன்னால் அத்தான் எவ்வளவு போடுகிறார் என்று வரும்” என்றார்.

ஒப்பிடும் பேச்சு செய்யும் சேதத்துக்கு ஒரு வரிசை உண்டு. மேலே சொன்னதுதான் அது. முதலில் நியாயம் சொல்வது, பிறகு திருப்பி அடிப்பது, பிறகு மௌனம், கடைசியில் மறைப்பது. மறைக்கத் தொடங்கியவர் கெட்டவராகிவிட்டார் என்று பொருளில்லை. காட்டுகிற எல்லாம் தராசில் ஏறும் என்று தெரிந்தவர் கையை மூடிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

நான் அவர்களிடம் ஷிப்ட் அட்டவணையைக் கொண்டுவரச் சொன்னேன். மேசையில் விரித்து மூவரும் எண்ணினோம். சுற்று ஆறு நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது, வாரத்துக்கு ஏழு நாள். ஆகவே வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வாரமும் சுற்றின் வேறொரு நாளில் போய் விழுகிறது. ஆறு வெள்ளிகளில் இரண்டுதான் அவருக்கு ஓய்வு. அப்போது அவர் இரவு ஷிப்ட்டில் இருந்தார். அந்த இரண்டில் ஒன்று, விடியும்வரை வேலை பார்த்து வந்து பாதி நாள் தூங்கிப் போகும் நாள். மீதி ஆறு வாரத்துக்கு ஒரு வெள்ளி. அத்தானோ சாலையோரத்தில் சொந்தமாக உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கடையை இழுத்துப் பூட்டுவது அவர் விருப்பம். இரண்டு வருடமாக ஒருவருடைய அன்பையும் இன்னொருவருடைய வேலை நேரத்தையும் அவர்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி அட்டவணையைப் பார்த்துவிட்டு நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்து மூன்றாம் ஆளை நீக்கும் வேலை. “அத்தான் இல்லாமல் சொல்லுங்கள்” என்றேன். “என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும்” என்றார். “கோயிலுக்கு உங்கள் அம்மாவோடு போகிறீர்களே, அது போதாதா?” என்று கேட்டேன். “இவரோடு வெளியே போக வேண்டும்” என்றார். “குழந்தையோடு போனால் சரியா?” என்றேன். கொஞ்சம் யோசித்து, “இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும். கல்யாணமான புதிதில் தண்ணீர்மலைக்குப் போய்விட்டு வரும் வழியில் பசியாறுவோம். அப்போது என்னிடம் பேசுவார்” என்றார். மூன்றாவது தடவையில்தான் உண்மையான தேவை வந்தது. நீங்களும் மூன்று தடவையாவது கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் பதில் எப்போதும் மற்றவர் வீட்டில் பார்த்ததன் நகலாகத்தான் இருக்கும்.

பிறகு அதை ஒரு வேண்டுகோளாக மாற்றினோம். நாள், நேரம், யார் என்ன செய்வது என்பது அதில் இருக்க வேண்டும். “ஓய்வின் இரண்டாம் நாள் மாலை ஐந்து முதல் எட்டு வரை நாம் இரண்டு பேரும் வெளியே போகலாமா? குழந்தையைப் பிறையில் அம்மா வீட்டில் விட நான் ஏற்பாடு செய்கிறேன்.” இதற்கு “சரி” என்று சொல்ல முடியும். “நமக்குக் கொடுப்பினை இல்லை” என்பதற்கு யார் எப்படிச் சரி சொல்வது?

முதல் முறை ஓவர்டைம் வந்து கெட்டது. இரண்டாம் முறை போனார்கள்; ரொட்டி சானாய் வந்து சேர்வதற்குள் அத்தான் வாங்கிய புதிய கார் பேச்சில் வந்துவிட்டது. கணவர் பாதியில் எழுந்து பில்லைக் கட்டப் போய்விட்டார். பழகிய வாய் ஒரு மாதத்தில் திருந்தாது. அதனால் நாங்கள் ஒரு வழி வைத்தோம். அத்தான் பெயர் நாக்கு நுனிக்கு வந்தால் மனைவி அந்த இடத்திலேயே நிறுத்தி, “நான் கேட்க வந்தது…” என்று புதிதாகத் தொடங்க வேண்டும். வாக்கியம் பாதியில் முறிந்தாலும் பரவாயில்லை. கணவரும் தன் பங்குக்கு, புதிதாகத் தொடங்கிய பேச்சை முழுதாகக் கேட்க வேண்டும், பழைய கணக்கை எடுக்கக் கூடாது.

“கேட்டவுடன் கோபம் தலைக்கேறுகிறது. அந்த நிமிடத்தில் என்ன சொல்வது?”

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாம் ஆளைக் குறை சொல்லாதீர்கள். “உன் அத்தான் கடனில் மூழ்கியிருக்கிறார், தெரியுமா?” என்றால் பேச்சு அத்தானின் கடனைப் பற்றியதாகிவிடும். அவரைக் காப்பாற்றி உங்கள் துணை வாதாடத் தொடங்குவார். உங்கள் வீட்டு வரவேற்பறையில் அத்தானுக்கு வழக்கறிஞரை நியமித்துக் கொடுத்தது நீங்கள்தான்.

எதிர் ஒப்பீடும் வேண்டாம். “என் வேலையிடத்தில் இருக்கும் பெண்ணைப் பார்” என்று தொடங்கினால் இரண்டு தராசுகள் ஆகும், தீர்வு ஆகாது.

குரலை உயர்த்தாமல் சொல்ல முடிந்தால் இவ்வளவு போதும்: “அவரை விடுங்கள். உங்களுக்கு என்னிடம் என்ன வேண்டும்?” பதிலில் ஒரு வேண்டுகோள் வந்தால் பேசலாம். சொல்ல முடியாத அளவுக்கு நெஞ்சு படபடத்தால் பேச்சைத் தள்ளிவையுங்கள். தம்பதிகளின் பேச்சைப் பல்லாண்டு பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியபின் காதில் விழுவது மூளையில் ஏறாது என்கிறார். தணிய குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். மோட்டார் மேல் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் யாரும் சொல்லாமலே அதே கணக்கைத்தான் கடைப்பிடித்தார். ஆனால் அவர் எங்கே போனார், எப்போது வருவார் என்று மனைவிக்குத் தெரியவில்லை. “அரை மணி நேரம் கழித்துப் பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போவது இடைவேளை. சொல்லாமல் போனால் அது இன்னொரு காயம்.

“என் நிறத்தையும் குழந்தை இல்லாததையும் ஓரகத்தியோடு வைத்துப் பேசுகிறார். இதையும் வேண்டுகோளாக மாற்ற முடியுமா?”

முடியாது. மாற்றவும் முயலாதீர்கள். நிறம், உயரம், பிறந்த வீட்டு வசதி, கருத்தரிக்காதது போன்றவற்றை நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாது. மாற்ற முடியாததைச் சொல்லி ஒப்பிடும்போது அங்கே தேவை எதுவுமில்லை, தாழ்த்துவது மட்டுமே நடக்கிறது. காட்மன் உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களைச் சொல்கிறார்: குணத்தைக் குற்றம் சொல்வது, இளக்காரம், தற்காத்துப் பேசுவது, சுவர்போல் மூடிக்கொள்வது. மணமுறிவை முன்கூட்டிக் காட்டுவதில் இளக்காரத்துக்கே முதலிடம் கொடுக்கிறார்.

நம்மவர்களிடம் நிறத்தைப் பற்றிய பேச்சு பெண் பார்க்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. “கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்” என்பதைப் பாராட்டு என்று நினைக்கும் வீடுகள் செந்தூலிலும் இருக்கின்றன, ஜெலுத்தோங்கிலும் இருக்கின்றன. எனக்கு அந்த “இருந்தாலும்” என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இங்கே உங்கள் வேலை எல்லை போடுவது. “என் நிறத்தைப் பற்றிப் பேசினால் நான் அந்த இடத்தில் இருக்க மாட்டேன்” என்று ஒருமுறை சொல்லுங்கள், பிறகு சொன்னபடி எழுந்து போங்கள். விளக்கம் வேண்டாம். குழந்தை விஷயத்தில் கணவர் தானும் பரிசோதனைக்கு வந்தாரா என்று கேளுங்கள். கருத்தரிக்காததற்கு ஆணிடமும் காரணம் இருக்கலாம். விந்தணுப் பரிசோதனை எளிதானது, அதை முதல் சுற்றிலேயே செய்துவிடுவதுதான் முறை. அதற்கு வராமல் ஓரகத்தியைப் பற்றிப் பேசுகிறவரிடம் பேச்சு வளர்ப்பதில் பொருளில்லை.

“நல்லவிதமாக ஒப்பிட்டால் பரவாயில்லையா? ‘அவளைவிட நீ எவ்வளவோ மேல்’ என்கிறார்.”

கேட்க இனிக்கும். ஆனால் தராசு அதேதான், இன்று தட்டு உங்கள் பக்கம் தாழ்ந்திருக்கிறது. நாளை நீங்கள் மறுத்துப் பேசும்போது “நீயும் அவளைப் போல ஆகிவிட்டாய்” என்று வரும். பாராட்ட வேண்டுமானால் உங்களைப் பற்றியே பாராட்டச் சொல்லுங்கள்.

“தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் மாமியார் பத்துப் பேர் முன்னால் மூத்த மருமகளோடு ஒப்பிட்டார். கணவர் வாயைத் திறக்கவில்லை.”

மாமியாரைத் திருத்துவது நம் கையில் இல்லை, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். உங்களுக்கு வலித்தது கணவரின் மௌனம். அதைத்தான் பேச வேண்டும், அன்றைக்கு இல்லை, முறுக்கு டப்பாக்கள் காலியான பிறகு ஒருநாள்.

அவரிடம் கேட்பதும் சிறியதாக இருக்கட்டும். “உங்கள் அம்மாவோடு சண்டை போடுங்கள்” என்றால் அவர் செய்ய மாட்டார், செய்யவும் வேண்டாம். “அம்மா, இவள் செய்கிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது” என்ற ஒரே ஒரு வாக்கியத்தை அந்த இடத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அறைக்குள் சொல்லும் ஆறுதல் அதற்கு ஈடாகாது. பலர் முன்னால் இறங்கிய மதிப்பைப் பலர் முன்னால்தான் ஏற்ற முடியும்.

முகநூலில் மற்றவர்கள் போடும் திருமண நாள் படங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதற்கு என் பதில் குறுகியது: படம் எடுப்பதற்கு முன் காருக்குள் நடந்த சண்டையை யாரும் பதிவேற்றுவதில்லை.

“எந்தக் கட்டத்தில் இதை வதை என்று சொல்லலாம்? யாரிடம் போவது?”

எப்போதாவது ஒருமுறை வாய் தவறுவது வதையாகாது. ஒப்பீட்டோடு வேறு சில சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்: உங்கள் சம்பளத்தை அவர் எடுத்துக்கொள்வது, தோழிகளைப் பார்க்க விடாமல் தடுப்பது, “உன்னை வேறு யார் வைத்திருப்பார்கள்” என்று சொல்லிச் சொல்லி நம்பவைப்பது, பயமுறுத்துவது. இன்னொரு அடையாளம் உங்களிடமே இருக்கும். அவர் வீட்டுக்கு வரும் சத்தம் கேட்டதும் உடம்பு இறுகினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், மனரீதியான வதையையும் குடும்ப வன்முறை என்ற வரையறைக்குள் சேர்த்தது. சட்டம் கணவன் மனைவிக்கும் முன்னாள் கணவன் மனைவிக்கும் பொருந்தும். மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களை அது காப்பதில்லை. ஒப்பிட்டுப் பேசினார் என்ற ஒன்றை மட்டும் வைத்து வழக்கு நிற்கும் என்று நினைக்க வேண்டாம். நாள், சொன்ன சொல், உடனிருந்தவர் என்று குறித்துவைத்த குறிப்பேடு பெரிதும் உதவும். தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். மனம் மிகவும் தளர்ந்து, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கேட்பார்கள்.

அந்த அளவுக்குப் போகாத தம்பதிகள் ஆலோசனைக்குப் போகலாம். எல்.பி.பி.கே.என். எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தில் குடும்ப ஆலோசனை உண்டு. தனியாரிடம் போவதானால் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. தமிழில் பேசக்கூடியவரா என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். “கொடுப்பினை இல்லை” என்பதை வேறு மொழியில் சொல்லிப் புரியவைக்க முடியாமல் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

“மன்னிப்புக் கேட்டுவிட்டார், இப்போது ஒப்பிடுவதில்லை. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்கிறது. எவ்வளவு நாள் ஆகும்?”

நாள் கணக்கு சொல்ல முடியாது. நீங்கள் மறைத்துவைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கும் வேகத்தைப் பொறுத்தது. பட்டர்வொர்த்துக்காரர் சீட்டுப் பணத்தைச் சொன்ன அன்று மனைவி முகம் மாறியது, ஆனால் அத்தான் எவ்வளவு போடுகிறார் என்று கேட்கவில்லை. “எப்போது எடுப்பீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அன்றுதான் கணவர் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கடைசியாக வந்தபோது மனைவி ஏதோ சொல்ல வந்து “அத்…” என்று தொடங்கி, நிறுத்தி, “நான் கேட்க வந்தது, பள்ளி விடுமுறைக்கு லீவு கிடைக்குமா?” என்றார். கணவர் சிரிக்கவில்லை. கைப்பேசியில் ஷிப்ட் அட்டவணையைத் திறந்து தேதிகளைப் பார்க்கத் தொடங்கினார்.